தெரியாத தலைப்பில் கட்டுரையா? ஏன், யார், என்ன ஆகும் என்று கேளுங்கள்

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுரை வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் ஒருநாள் கரும்பலகையில் ‘ஒளி மாசு’ என்று எழுதிவிட்டு, “கட்டுரை வேண்டாம். பத்து நிமிடத்தில் உங்களுக்குத் தோன்றும் குறிப்புகளை மட்டும் எழுதுங்கள்” என்றேன். வகுப்பில் யாரும் அதைப் பற்றிப் படித்திருக்கவில்லை. அதற்காகவேதான் அந்தத் தலைப்பைக் கொடுத்தேன்.

பத்து நிமிடம் கழித்துத் தாள்களைப் பார்த்தேன். ஒரு தம்பி ஒலிபெருக்கி, வாகன ஹாரன், கல்யாண மண்டபத்து மேளம் என்று தாள் நிறைய எழுதியிருந்தார். ‘ஒளி’யை ‘ஒலி’ என்று படித்துவிட்டார். இன்னும் இரண்டு பேர் மாசு என்றால் என்ன என்று இலக்கணம் போல ஒரு வரி எழுதி நிறுத்தியிருந்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் தாளில் ஒரே வரி: ‘மக்களிடம் விழிப்புணர்வு தேவை’. அதற்கும் கீழே கோடு போட்டிருந்தார்.

அந்தப் பெண்ணிடம், “உங்கள் வீட்டில் ராத்திரி எங்கே படுப்பீர்கள்?” என்று கேட்டேன். ஜன்னல் ஓரம் என்றார். “ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது?” தெருவிளக்கு. போன வருடம்தான் புதிதாக வெள்ளை விளக்கு மாற்றினார்களாம். அதற்குமுன் மஞ்சள் விளக்கு. வெள்ளை வந்த பிறகு கண்ணில் அடிக்கிறது என்று பாட்டி ஜன்னலில் பழைய சேலையை மடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும். காலையில் வாசலைப் பெருக்கும்போது முறத்தில் அள்ளும் அளவுக்குச் சிறகு கிடக்கும். இதையெல்லாம் அவரே சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. “இதை ஏன்மா எழுதவில்லை?” என்றேன். “இதுவும் கட்டுரையில் வருமா சார்?” என்றார்.

வரும். அது எப்படி வரும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளுக்கு 3 மணி நேரம். இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 125 மதிப்பெண். அப்படியானால் ஒரு கட்டுரைக்கு ஒன்றரை மணி நேரம் வருகிறது. எழுதும் நேரத்தைக் கழித்தால் யோசிக்கப் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலோ கல்லூரித் தேர்விலோ அதுவும் இல்லை, ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த நேரத்துக்குள் ‘நல்ல கருத்து ஏதாவது தோன்றட்டும்’ என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கருத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். இது ஏன் நடக்கிறது? இதில் யார் யார் இருக்கிறார்கள்? இதனால் என்ன ஆகிறது? காரணம், ஆள், விளைவு. பார்க்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் ‘ஒளி மாசு’ என்பது ஒரு பெயர்ச்சொல். அதை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் அது பேசாது. ‘ஏன்’ என்று கேட்டவுடன் அது ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது. நிகழ்ச்சி என்றால் இடம் உண்டு, நேரம் உண்டு, அதில் மாட்டிக்கொண்ட மனிதர்கள் உண்டு. அவர்களைப் பற்றி நமக்கு ஏதாவது தெரிந்துதான் இருக்கும்.

கேள்விகளுக்குப் போவதற்கு முன் ஒரு நிமிடம் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்து, அது என்ன என்று சொந்த வார்த்தையில் ஒரே வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒலி, ஒளி குழப்பத்தில் தம்பி ஒரு கட்டுரையையே இழந்திருப்பார். ‘தேவையில்லாத இடத்தில், தேவையில்லாத நேரத்தில், தேவைக்கு மேல் விழும் செயற்கை வெளிச்சம்’ என்று நாங்கள் எழுதிக்கொண்டோம். இந்த வரி வேறு ஒரு வேலையும் செய்தது. இடம், நேரம், அளவு என்று மூன்று கிளை அதிலேயே இருக்கிறது. ‘வெளிச்சம் கெட்டது’ என்று நாம் சொல்லவில்லை என்பதும் அதிலேயே தெளிவாகிவிட்டது. பின்னால் இது பெரிய உதவியாக வந்தது.

காரணத்தில் தொடங்கினோம். ஏன் நடக்கிறது என்று கேட்டவுடன் வகுப்பில் வந்த முதல் பதில், ‘மக்கள்தொகைப் பெருக்கம்’. இரண்டாவது, ‘நகரமயமாதல்’. மூன்றாவது, ‘தொழில் வளர்ச்சி’. மூன்றையும் எழுதச் சொல்லிவிட்டு உடனே அடிக்கச் சொன்னேன். தவறு என்பதால் இல்லை. இந்த மூன்றையும் அப்படியே எடுத்துக் குப்பை பற்றிய கட்டுரையிலும், தண்ணீர்ப் பஞ்சம் பற்றிய கட்டுரையிலும், போக்குவரத்து நெரிசல் பற்றிய கட்டுரையிலும் வைக்கலாம். தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு வரியைப் படித்துப் பாருங்கள். எந்தத் தலைப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அந்த வரி உங்களுக்கு வேண்டாம். முதலில் தோன்றும் இரண்டு மூன்று பதில்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அவை எல்லாருடைய நாக்கு நுனியிலும் இருப்பவை. அவற்றை வெளியே கொட்டிவிட்டால்தான் அடுத்தது வரும்.

அடுத்தது வருவதற்குக் கேள்வியைக் கொஞ்சம் சுருக்க வேண்டும். ‘ஏன் நடக்கிறது’ என்பதைவிட ‘ஏன் இப்போது’ என்பது கூர்மையான கேள்வி. விளக்கு என்பது புதிதா? அகல் இருந்தது, அரிக்கேன் இருந்தது, குண்டு பல்பு இருந்தது. அப்போதெல்லாம் இல்லாத மாசு இப்போது எப்படி வந்தது? கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒருவர், “முன்னாடி விளக்கு எரிந்தால் செலவு, அதனால் அணைப்பார்கள். இப்போது எல்.இ.டி. மலிவு, கரண்டும் கம்மியாகத்தான் இழுக்கும். அதனால் விடிய விடிய எரிகிறது” என்றார். அந்த ஒரு பதிலில் நல்ல பத்தி ஒன்று இருக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த விளக்கே, மலிவாக இருப்பதால் அதிக இடங்களில், அதிக நேரம் எரிகிறது. நல்லது செய்ய வந்த ஒன்று எப்படிச் சிக்கலாகிறது என்று காட்டும் இந்த முரண், எந்தப் பாடப்புத்தகத்தையும் புரட்டாமல் கிடைத்தது.

அதே இடத்தில் இன்னொரு முறை ‘ஏன்’ கேட்டோம். விளக்கு எரிவது சரி, அது ஏன் மாசு ஆகிறது? வெளிச்சம் எங்கே போக வேண்டும், எங்கே போகிறது? தெருவிளக்கின் வெளிச்சம் தரைக்குப் போக வேண்டும். மேலே மூடி இல்லாத உருண்டை விளக்காக இருந்தால் பாதி வெளிச்சம் வானத்துக்கும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் போகிறது. பூங்காக்களில் கம்பத்தின் மேல் பால் நிற உருண்டையாக இருக்குமே, அதை நினைத்துப் பாருங்கள். பழைய சோடியம் விளக்கு மஞ்சளாக எரியும். புதிய வெள்ளை விளக்கில் நீல நிறக் கூறு அதிகம். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம், நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும். அதே காரணத்தால்தான் வெள்ளை விளக்கின் வெளிச்சமும் ஊருக்கு மேலே அதிகம் சிதறி, வானத்தை வெளுக்க வைக்கிறது. இயற்பியல் படித்த ஒரு பெண்தான் இந்தத் தொடர்பைச் சொன்னார். ஆறாண்டுகளுக்கு முன் படித்த பாடம், கேள்வி அந்த இடத்தைத் தொட்டதும் எழுந்து வந்துவிட்டது.

இவ்வளவுக்கும் இரண்டு, மூன்று நிமிடம்தான். காரணத்தில் இதற்கு மேல் தங்கக் கூடாது. தங்கினால் கட்டுரை முழுக்க விளக்கின் வரலாறாகிவிடும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டிய கேள்வி இரண்டாவதுதான். யார் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். காரணம் எழுதுவார்கள், விளைவு எழுதுவார்கள், நடுவில் ஆளே இருக்காது. ‘மனித குலம் பாதிக்கப்படுகிறது’ என்று முடித்துவிடுவார்கள். மனித குலம் எந்தத் தெருவில் குடியிருக்கிறது? பாட்டி இருக்கிறார், ஜன்னலில் சேலை கட்டிய பாட்டி. அவரை எழுதுங்கள்.

ஆட்களைத் தேட நான் ஐந்து வகையாகக் கேட்கச் சொல்வேன். யாருக்குக் கஷ்டம்? யாருக்கு லாபம்? யார் கையில் முடிவு? யார் காசு கொடுக்கிறார்கள்? வாய் திறந்து சொல்ல முடியாதவர் யார்? ஒவ்வொன்றுக்கும் ‘மக்கள்’, ‘அரசு’ என்று பதில் சொல்லக் கூடாது. ஓர் ஊரில், ஒரு நேரத்தில் இருக்கும் ஒருவரைச் சொல்ல வேண்டும். இதில் மட்டும் நான் கறாராக இருப்பேன்.

கஷ்டம் யாருக்கு என்றதும் பாட்டி வந்தார். இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்கும் செவிலியர் வந்தார். இருட்டில்தான் உடம்பில் மெலடோனின் என்ற சுரப்பு ஊறும், அதுதான் தூக்கத்துக்கான நேரத்தை உடம்புக்குச் சொல்கிறது என்று ஒருவருக்கு நினைவு வந்தது. லாபம் யாருக்கு என்றதும் ராத்திரி முழுக்க மின்னும் விளம்பரப் பலகைக்காரர், துணிக்கடை, நகைக்கடை. முடிவு யார் கையில்? ஊராட்சி, நகராட்சி. காசு யார் கொடுக்கிறார்கள்? தெருவிளக்கின் மின் கட்டணத்தை உள்ளாட்சி கட்டுகிறது, அது நம் வரிப்பணம். அப்படியானால் வானத்துக்குப் போகும் வெளிச்சத்துக்கும் சேர்த்து நாம் பணம் கட்டுகிறோம். இதையும் யாரும் படித்துவிட்டு வந்து சொல்லவில்லை. ‘யார் காசு’ என்ற கேள்வி சொல்ல வைத்தது.

வாய் இல்லாதவர் யார் என்று கேட்டபோதுதான் வகுப்பு சூடுபிடித்தது. ஈசல், விட்டில் என்று தொடங்கினார்கள். கிழக்குக் கடற்கரைப் பக்கத்தில் இருந்து வரும் ஒரு தம்பி, “சார், ஆமைக் குஞ்சு” என்றார். பங்குனி ஆமைகள் ஜனவரியில் இருந்து மார்ச், ஏப்ரல் வரை சென்னைக் கரைக்கு வந்து மணலில் குழி தோண்டி முட்டையிடும். ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் குஞ்சு பொரிக்கும், பெரும்பாலும் இரவில். வெளியே வரும் குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நகரும். விளக்கில்லாத கரையில் கடல்தான் வெளிச்சமான பக்கம், நிலாவும் நட்சத்திரமும் அதில் பட்டுத் தெரியும். நிலத்தின் பக்கம் மணல்மேடும் மரமும் இருட்டாக இருக்கும். சாலையில் விளக்கு எரிந்தால் கணக்கு தலைகீழாகிறது. குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலைக்கு ஏறுகிறது. அங்கே நாய், வண்டி, விடிந்தால் காக்கை. அந்தத் தம்பி ஒருமுறை காலை நேரத்தில் தார்ச் சாலை ஓரத்தில் உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு ஒன்று மணலை ஒட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறார். அவர் அதைச் சொல்லி முடித்தபோது யாரும் பேசவில்லை.

சென்னையில் 1988 முதல் மாணவர்கள் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவாக இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறார்கள். இது அந்தத் தம்பிக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது. நான் ஆண்டை மட்டும் சேர்த்துச் சொன்னேன். செய்தித்தாளில் எப்போதோ படித்தது, பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தது எல்லாம் நம் தலைக்குள் கொக்கி இல்லாத சட்டைகள் மாதிரி மூலையில் குவிந்து கிடக்கின்றன. கேள்வி ஒரு கொக்கியைச் சுவரில் அடிக்கிறது. ‘ராத்திரி இருட்டாக இருந்தால் யாருடைய வேலை நடக்கும்?’ என்று கேட்டேன். வானியல் அறிஞர் என்று பதில் வந்தது. உடனே ஒருவர், “காவலூர்!” என்றார். ஜவ்வாது மலையில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் ஆய்வுக்கூடம். பள்ளியில் படிக்கும்போது போயிருக்கிறாராம். தொலைநோக்கியை ஏன் காட்டுக்கு நடுவில் மலைமேல் கொண்டுபோய் வைத்தார்கள் என்பதற்கு அன்றைக்கு அவருக்குப் பதில் தோன்றவில்லை, இப்போது தோன்றியது. லடாக்கில் ஹன்லே என்ற ஊரைச் சுற்றி 2022-ல் இருள் வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டது என்பதும் அதே கொக்கியில் வந்து மாட்டியது.

இங்கே ஆறாவதாக ஒரு ஆளையும் கட்டாயம் தேட வேண்டும். ‘நீங்கள் சொல்வதை யார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்?’ விளக்கைக் குறைக்கலாம் என்று நாம் எழுதப்போகிறோம். யார் வேண்டாம் என்பார்கள்? நகைக்கடைக்காரர் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அவரைச் சொன்னால் நமக்கு வசதி, அவர் கெட்டவராகத் தெரிவார். ஆனால் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கை தூக்கி, “நான் ஒத்துக்க மாட்டேன் சார்” என்றார். ஜவுளிக்கடை வேலை முடித்து ராத்திரி பத்தரைக்குப் பேருந்து நிறுத்தத்தில் இருந்து வீட்டுக்கு நடப்பவர் அவர். இரண்டு கம்பத்துக்கு நடுவில் விளக்கு எரியாவிட்டால் அந்த இருபது அடியை ஓடித்தான் கடப்பாராம். அவர் சொன்னதுதான் அன்றைய கட்டுரையின் நடுப்பகுதி ஆயிற்று. ஏனென்றால் இப்போது கேள்வி ‘விளக்கு வேண்டுமா, வேண்டாமா’ என்பது இல்லை; அவர் நடக்கும் பாதையில் தரைக்கு வெளிச்சம் விழ வேண்டும், பாட்டியின் ஜன்னலுக்கும் வானத்துக்கும் விழக் கூடாது. மூடி வைத்த விளக்கு, தரையைப் பார்த்துத் திருப்பிய விளக்கு, யாரும் நடக்காத நேரத்தில் மங்கும் விளக்கு என்று தீர்வுகள் தாமாக வந்தன. எதிர்ப்பவரை நேர்மையாகக் கேட்டால்தான் தீர்வு உருப்படியாக வரும். அவரை விட்டுவிட்டு எழுதும்போதுதான் ‘விழிப்புணர்வு தேவை’ என்ற வரியில் போய் நிற்கிறோம்.

விளைவுக்கு அதிக நேரம் தேவைப்படாது, ஆட்களைச் சரியாகப் பிடித்திருந்தால் பாதி விளைவு ஏற்கெனவே கையில் இருக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் ‘இன்று இரவு என்ன ஆகும், அடுத்த வருடம் என்ன ஆகும், இருபது வருடத்தில் என்ன ஆகும்’ என்று கேட்டால் போதும். இன்று இரவு பாட்டிக்குத் தூக்கம் கெடும். வருடம் முழுக்க ஊராட்சிக்கு மின் கட்டணம் கூடும். இருபது வருடத்தில்? பால்வீதியைப் பார்க்காமலே வளர்ந்த பிள்ளைகள் இருப்பார்கள். இது கற்பனை இல்லை. 2016-ல் வெளிவந்த உலக அளவிலான ஆய்வு ஒன்று, மனிதர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தாங்கள் வாழும் இடத்தில் இருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது என்று கண்டது. இந்த எண் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் வகுப்பில் எங்களுக்குத் தெரியாத மாதிரியே இருந்துவிட்டுப் போகட்டும். ‘எங்கள் மொட்டை மாடியில் நின்றால் எண்ணிவிடக்கூடிய நட்சத்திரங்களே தெரிகின்றன’ என்று ஒருவர் எழுதியது அந்த எண்ணுக்குக் குறையாத வரி.

விளைவில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, சங்கிலியை இழுத்துக்கொண்டே போவது. விளக்கு, அதனால் பூச்சி சாகும், அதனால் மகரந்தச் சேர்க்கை குறையும், அதனால் விளைச்சல் குறையும், அதனால் பஞ்சம், அதனால் போர், அதனால் மனித இனமே அழியும். முதல் இரண்டு கண்ணி வரை நம்பலாம், மூன்றாவதிலேயே ‘நிச்சயமாகவா?’ என்று திருத்துபவர் கேட்டுவிடுவார். இரண்டு படி போனதும் நில்லுங்கள். மற்றொன்று, காரணத்தையும் விளைவையும் மாற்றி வைப்பது. ‘மின்சாரம் வீணாவதால் ஒளி மாசு உண்டாகிறது’ என்று ஒரு தாளில் இருந்தது. எது முன்னால் நடக்கிறது என்று கேட்டால் தெரிந்துவிடும். விளக்கு தேவையில்லாமல் எரிகிறது. மாசும் மின் வீணும் அதில் இருந்து பிறக்கும் இரண்டு பிள்ளைகள். ஒன்று இன்னொன்றைப் பெறவில்லை.

பத்தாவது நிமிடத்தில் கரும்பலகையில் இருந்த குறிப்பு ஏறக்குறைய இப்படி இருந்தது. முழு வாக்கியம் யாரும் எழுதவில்லை, எழுதவும் கூடாது.

மலிவு விளக்கு – விடிய விடிய
மூடி இல்லை – வானத்துக்குப் போகுது
மஞ்சள் → வெள்ளை, நீலம் சிதறல்
பாட்டி, சேலை, தூக்கம்
ஈசல், முறம்
ஆமைக் குஞ்சு, சாலை, 1988
காவலூர், ஹன்லே
வரி யார் கட்டுவது
10.30 பேருந்து – விளக்கு வேணும்!
தரைக்கு மட்டும் / நேரத்துக்கு மட்டும்
பால்வீதி, பிள்ளைகள்

பதினொரு வரி. எல்லாவற்றையும் கட்டுரையில் திணிக்க வேண்டியதில்லை. ஒரு வரிக்குப் பக்கத்தில் இன்னொரு வரி இயல்பாக வந்து உட்கார்கிறதா என்று பார்த்துக் கோடு போட்டு இணைத்தோம். பாட்டியும் பத்தரை மணிப் பெண்ணும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். ஒருவருக்கு விளக்கு கஷ்டம், ஒருவருக்கு விளக்கு துணை. ஆகவே கட்டுரையை அந்தத் தெருவில் தொடங்கலாம். விளக்கு எப்படி மாறியது என்பது அடுத்து வரும், அதில் காரணங்கள் மூன்றும் போய்விடும். அப்புறம் தெருவில் இருந்து கடற்கரைக்கு நடந்து ஆமையிடம் போகலாம், மலைக்கு ஏறிக் காவலூர் போகலாம். திரும்பவும் அதே தெருவுக்கு வந்து, தரைக்கு மட்டும் வெளிச்சம் விழும் ஒரு விளக்கைப் பற்றிப் பேசலாம். ஈசலை விட்டுவிட்டோம், ஆமை அதன் வேலையைச் செய்துவிடுகிறது, இரண்டும் சேர்ந்தால் கட்டுரை உயிரினப் பட்டியலாகும் என்று தோன்றியது. விட மனமில்லாமல் ஒருவர் மட்டும் அதை முதல் பத்தியில் வைத்தார், நன்றாகவே வந்தது.

இந்த முறை எங்கே கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேள்வி கேட்டால் கருத்து வரும், தகவல் வராது. ஹன்லே பற்றித் தெரியாதவருக்கு ஆயிரம் கேள்வி கேட்டாலும் ஹன்லே வராது. அந்த இடத்தைப் பொய்யான புள்ளிவிவரத்தால் நிரப்பிவிடும் ஆசை தேர்வு அறையில் பலமாக வரும். ‘ஓர் ஆய்வின்படி 73 விழுக்காடு’ என்று எழுதிவிடலாம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று தோன்றும். திருத்துபவர் ஒரே நாளில் அப்படிப் பல 73-களைப் பார்த்திருப்பார். ஒரு பொய் எண் தெரிந்துவிட்டால் உண்மையான பாட்டியையும் அவர் நம்ப மாட்டார். தகவல் இல்லாத இடத்தில் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்.

மற்றொரு சிக்கல், பழமொழி போன்ற தலைப்புகள். 2022 குடிமைப் பணித் தேர்வில், துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கு ஆபத்தில்லை, ஆனால் கப்பல் அதற்காகவா இருக்கிறது என்ற பொருளில் ஒரு தலைப்பு வந்தது. இதற்கு ‘காரணம் என்ன’ என்று நேரடியாகக் கேட்டால் தடுமாறிப்போவோம், ஏனென்றால் இதில் நடக்கும் நிகழ்ச்சி எதுவும் இல்லை. முதலில் அந்தக் கப்பலுக்குப் பதில் ஒரு ஆளை நிறுத்த வேண்டும். அரசு வேலை கிடைக்கும்வரை வேறு எதையும் தொடாமல் ஏழு வருடம் படித்துக்கொண்டே இருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கேட்கலாம். ஏன் துறைமுகத்திலேயே நிற்கிறார்? பயமா, வீட்டின் அழுத்தமா, வெளியே போனவர்கள் மூழ்கியதைப் பார்த்ததா? யார் அவரை நிறுத்திவைக்கிறார்கள், யார் தள்ளிவிடப் பார்க்கிறார்கள், அவர் நின்றால் யாருக்குச் செலவு? நின்றுகொண்டே இருந்தால் இருபது வருடத்தில் என்ன ஆகும்? ‘யார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்’ என்று கேட்டால், புயல் நேரத்தில் துறைமுகத்தில் நிற்பதுதான் புத்திசாலித்தனம் என்று சொல்லும் மாலுமி வருவார். கட்டுரைக்கு வேண்டிய மறுபக்கமும் கிடைத்துவிட்டது.

பழக்கத்துக்குத் தேர்வுத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். காலையில் செய்தித்தாளில் உங்களுக்குச் சுத்தமாகத் தெரியாத ஒரு தலைப்புச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தியைப் படிக்காமல், பத்து நிமிடம் மணி வைத்துக்கொண்டு, தலைப்பை மட்டும் வைத்து மூன்று கேள்வியும் கேட்டு எழுதுங்கள். காரணத்துக்கு இரண்டரை நிமிடம், ஆளுக்கு நான்கரை, விளைவுக்கு இரண்டு, மிச்சம் ஒரு நிமிடம் கோடு போட்டு இணைக்க. அதன் பிறகு செய்தியைப் படியுங்கள். நீங்கள் நினைக்காத எந்த ஆள் அதில் இருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். அவர் பெயரைக் குறிப்பின் கீழே எழுதிவையுங்கள். என் வகுப்பில் சிலர் இதைத் தனி நோட்டில் செய்கிறார்கள். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால், எந்த மாதிரி ஆளை எப்போதும் மறந்துவிடுகிறோம் என்பது தெரிகிறது. ஒருவருக்கு எப்போதும் காசு கொடுப்பவர் விட்டுப்போகிறார், இன்னொருவருக்கு எதிர்ப்பவர். ‘விழிப்புணர்வு’ எழுதிய பெண்ணின் நோட்டில் விட்டுப்போனவர்கள் எல்லாரும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள். அதனால் இப்போது அவர் தாளின் ஓரத்தில் முதலிலேயே ‘கையெழுத்து யாருது?’ என்று எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறார்.